பர்மாவில் தோங்வா பக்கம் மூன்று ஏக்கரில் ரோகு வளர்க்கத் திட்டம்

கேள்வி: அண்ணே, தோங்வாவுக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் தாழ்வான வயல் இருக்கிறது. நெல் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் உருப்படியாக வருகிறது. குளம் வெட்டி, பர்மாக்காரர் ஙாமிச்சின் என்று சொல்லும் ரோகு மீனை வளர்க்கலாம் என்று தம்பியும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். எப்போது வெட்டுவது, எத்தனை குஞ்சு விடுவது, தீவனம் எவ்வளவு போகும், எப்போது விற்றால் கையில் காசு நிற்கும்?

பதில்:

தம்பி, மண்வெட்டி எடுப்பதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. முதல் வேலை காகிதம். நெல் நிலத்தைக் குளமாக்க 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி அனுமதி வேண்டும். மீன் வளர்ப்புக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். இவை இல்லாமல் வெட்டியவர்கள் பலர் உண்டு. பிரச்சினை வரும் நாளில் அந்தப் பலரில் ஒருவர்கூட உங்கள் கூட வந்து நிற்கமாட்டார்.

இரண்டாவது வேலை மண்ணைப் பார்ப்பது. உங்கள் நிலம் கடலுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். கடலோரத் தாழ்நிலங்களில் சில இடங்களில் மேல்மண் நன்றாக இருக்கும், மூன்று நான்கு அடிக்குக் கீழே புளிப்பு மண் ஒளிந்திருக்கும். நீருக்கு அடியில் கிடக்கும்வரை அது சாது. வெட்டி எடுத்துக் கரையில் போட்டு வெயில் பட்டதும் அதிலுள்ள கந்தகம் காற்றோடு சேர்ந்து அமிலமாகிவிடும். கோடையில் ஒன்றும் தெரியாது. ஜூனில் முதல் பெரிய மழை கரையைக் கழுவிக் குளத்துக்குள் இறக்கும்போது தண்ணீர் கண்ணாடி போலத் தெளியும். பார்ப்பவருக்கு அழகாக இருக்கும். மீன் செத்து மிதக்கும்.

ஆகவே அறுவடை முடிந்தவுடன் நிலத்தில் மூன்று இடங்களில் ஐந்தடி ஆழத்துக்குச் சோதனைக் குழி வெட்டுங்கள். அடி மண்ணில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் இருந்தால், அல்லது அழுகிய முட்டை வாடையோடு கருஞ்சாம்பல் சேறு வந்தால், சந்தேகப்பட வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, அவ்வப்போது கொஞ்சம் ஈரமாக்கிவிட்டு, பிறகு சுத்தமான நீரில் கரைத்து பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். அன்றே எடுத்த மண்ணில் 6 காட்டியது மூன்று வாரம் கழித்து 4க்குக் கீழே போனால், அந்த ஆழத்துக்கு வெட்டாதீர்கள். மேலேயே நிறுத்திக்கொண்டு, கரையை உயர்த்தித் தண்ணீர் ஆழத்தைக் கூட்டுங்கள். ஏற்கெனவே வெட்டிவிட்ட குளம் என்றால், நீர் நிரப்பி நான்கைந்து நாள் வைத்து வடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிக் கழுவிய பிறகே சுண்ணாம்பு. அதுவும் தரைக்கு மட்டும் போட்டால் போதாது, கரையின் உள்சரிவுக்கும் போட வேண்டும். நான் முதல் குளத்தில் தரைக்கு மட்டும் போட்டேன். கரையில் புல்லே முளைக்காமல் துருப்பிடித்த நிறத்தில் இருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. முந்நூறு குஞ்சு போன பிறகுதான் உறைத்தது.

மண் நல்லதாக இருந்தால் வேலை எளிது. மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கர் பெரிய குளம், அரை ஏக்கர் குஞ்சுக் குளம், மீதி கரைக்குப் போய்விடும். குளத்தில் நான்கு முதல் ஐந்தடி தண்ணீர் நிற்க வேண்டும். நீங்கள் பார்த்ததிலேயே பெரிய வெள்ளம் எந்த மட்டம் வந்ததோ, அதற்கு மேல் இரண்டடி உயரத்தில் கரையின் தலை இருக்க வேண்டும். பிப்ரவரியில் வெட்டத் தொடங்கினால் ஏப்ரலுக்குள் முடியும், மண்ணும் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்புத் தூள் சாதாரண மண்ணுக்கு ஏக்கருக்கு 100 முதல் 150 கிலோ போதும். புளிப்பு மண்ணுக்கு 400 கிலோவும் பற்றாமல் போகலாம். குளத்தின் பள்ளங்களில் தேங்கிய நீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். விரால் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழித்துவிடும். அது ஒரு ஜோடி உயிரோடு இருந்தால் உங்கள் குஞ்சுக் குளத்தில் அது சாப்பிட்டதுபோக மிச்சம்தான் உங்களுக்கு. மதகின் வாயில் இரட்டை வலை கட்டுவதும் இதற்காகத்தான்.

ஜூன் மழையில் இரண்டடி நீர் ஏறியதும், உலர்ந்த மாட்டுச் சாணம் ஏக்கருக்கு ஒரு டன் கணக்கில் கரைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் நீர் இளம்பச்சையாகும். கையை நீருக்குள் நேராக இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் பச்சை முற்றிவிட்டது, சாணத்தை நிறுத்த வேண்டும். முழங்கைக்கு மேலே போயும் விரல் தெரிந்தால் மீனுக்குத் தண்ணீரில் சாப்பாடு இல்லை. அந்தப் பச்சை இலவசத் தீவனம். அது இருந்தால்தான் பின்னால் சொல்லப்போகும் தீவனக் கணக்கு நிற்கும்.

குஞ்சு விஷயத்தில் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, விரல் நீளக் குஞ்சை நேராகப் பெரிய குளத்தில் விடுவது. மலிவாகக் கிடைக்கிறது என்று செய்கிறார்கள். கொக்கும் பாம்பும் விராலும் தின்றது போக எத்தனை இருக்கின்றன என்பது அறுவடை நாள்வரை தெரியாது. எத்தனை மீன் என்று தெரியாமல் எவ்வளவு தீவனம் என்று எப்படிச் சொல்வது? எனவே செப்டம்பரில் மூன்று அங்குலக் குஞ்சு 4,000 வாங்கி, அரை ஏக்கர் குளத்தில் நெருக்கி விட்டு, தவிடு மட்டும் அளவாகப் போட்டு அடுத்த ஜூன்வரை வைத்திருங்கள். நெருக்கத்தில் அவை வளராமல் முடங்கி, ஓராண்டு வயதில் 100 கிராம் அளவில் நிற்கும். கால்வாசியோ கொஞ்சம் கூடவோ செத்துப்போகும். அவற்றை எண்ணிப் பெரிய குளத்தில் மாற்றிவிட்டால், அடக்கி வைத்த பசியெல்லாம் சேர்த்து மளமளவென்று வளரும். கொக்குக்கும் அந்த அளவு மீனை விழுங்குவது எளிதல்ல. முதல் ஆண்டு உங்களிடம் இந்த ஓராண்டுக் குஞ்சு இருக்காது. விலை கூடினாலும் வேறு பண்ணையில் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது ஒரு வாளியில் பத்துக் குஞ்சைப் போட்டுக் கையால் நீரைச் சுழற்றுங்கள். நல்ல குஞ்சு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், நோஞ்சான் நடுவில் போய்ச் சுற்றும்.

இரண்டு ஏக்கருக்கு 2,600 போதும்: ரோகு 2,000, மிர்கால் 400, கட்லா 200. ரோகு நடுநீரில் மேயும், மிர்கால் அடியில், கட்லா மேலே. கட்லாவைக் கூட்டினால் வேகமாக எடை வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் நம் சந்தையில் கேட்டு வாங்கும் மீன் ரோகு.

இனி தீவனம். ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கை இதுவே தின்றுவிடும் என்பதால் இங்கே கண்ணை மூட முடியாது. நாங்கள் போடுவது மூன்று பங்கு தவிடு, ஒரு பங்கு கடலைப் பிண்ணாக்கு. தவிட்டில் உமியை அரைத்துக் கலப்பவர்கள் உண்டு. ஒரு பிடியை ஒரு தம்ளர் நீரில் போட்டுக் கலக்கி வையுங்கள். உமி மேலே மிதக்கும், தவிடு ஊறி இறங்கும். மேலே தடிமனாக ஓர் அடுக்கு நின்றால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். பூசணம் பூத்த பிண்ணாக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கலவையைத் துளையிட்ட சாக்குகளில் கட்டி, மூங்கிலில் நீருக்குள் தொங்கவிடுங்கள். வாரியிறைத்தால் பாதி சேற்றுக்குப் போகும்.

தினமும் எவ்வளவு என்பதற்கு மாதம் ஒரு முறை வீச்சுவலை போட்டு முப்பது நாற்பது மீனை நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரியைக் குளத்தில் இருக்கும் மீன் எண்ணிக்கையால் பெருக்கினால் குளத்தின் மொத்த எடை. குஞ்சாக இருக்கும்போது மொத்த எடையில் நூற்றுக்கு நான்கு, அக்டோபரில் இரண்டரை, குளிரில் ஒன்று அல்லது ஒன்றரை. எண்களை நோட்டில் எழுதுங்கள். என் இரண்டு ஏக்கர் குளத்தின் நோட்டைப் பார்த்தே மற்றதைச் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் 100 கிராமில் விட்ட மீன் செப்டம்பர் முடிவில் 370 கிராம், அக்டோபர் முடிவில் 480 கிராம். அக்டோபரில் நாளுக்கு 26 கிலோ வீதம் 800 கிலோ தீவனம் போட்டேன். அப்போது குளத்தில் சுமார் 2,450 மீன். ஒவ்வொன்றும் 110 கிராம் ஏறியதால் 270 கிலோ மீன் கூடியது. அதாவது ஒரு கிலோ மீனுக்கு மூன்று கிலோ தீவனம். தவிடு, பிண்ணாக்குக்கு இது நல்ல கணக்கு. கம்பெனி மிதவைத் தீவனத்தில் ஒன்றரை, இரண்டு என்று வரும், ஆனால் அதன் விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும்.

நவம்பரில் நாளுக்கு 30 கிலோவுக்கு வந்தேன். டிசம்பரிலும் அதே 30 கிலோவைப் போட்டேன். தவறு அங்கேதான். காலையில் குளத்து நீர் சில்லென்று இருக்கும் மாதத்தில் ரோகுவுக்குப் பசி குறையும், தின்றதும் சரியாகச் செரிக்காது. டிசம்பரில் 930 கிலோ தீவனம் போயிற்று, மீன் ஏறியதோ தலைக்கு 60 கிராம், மொத்தம் 145 கிலோ. ஒரு கிலோவுக்கு ஆறு கிலோவுக்கு மேல்! சாக்கில் மறுநாள் காலையில் தீவனம் மிச்சமிருந்ததை வேலையாள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். தின்னாதது வீணானது மட்டுமல்ல, அடியில் அழுகி, பிப்ரவரியில் ஒரு மூடுபனிக் காலையில் மீன்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. இரண்டு மணி நேரத்தில் சாக்கு காலியாகவில்லை என்றால் மறுநாள் கால்வாசி குறைக்க வேண்டும் என்பது அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டம்.

இந்தக் கணக்கு எங்கே நஷ்டமாகிறது என்று கண்டுபிடிக்க சாட் நாணயத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம். பணத்தின் மதிப்பு இன்று ஒன்று, நாளை ஒன்று. வீசைக்கு வீசை பாருங்கள். (பர்மாக்காரர் சொல்லும் விஸ் நம் வீசைதான், ஆனால் ஊரில் நம் தாத்தா நிறுத்த வீசையைவிடக் கனம் கூடியது, 1.63 கிலோ.) ஒரு வீசை மீன் விற்ற பணத்தில் எத்தனை வீசை தீவனம் வாங்க முடிகிறது? ஐந்து என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு வீசை மீன் எடை ஏறுவதற்கு ஐந்து வீசைக்குக் குறைவாகத் தீவனம் போகும்வரை தீவனம் போடுவதில் லாபம். ஐந்தைத் தாண்டிய மாதம், நீங்கள் மீனுக்குச் சோறு போட்டுக் கடன் வாங்குகிறீர்கள். அக்டோபரில் எனக்கு மூன்று ஆனது, இரண்டு மிச்சம். டிசம்பரில் ஆறரை ஆனது, ஒன்றரை கையைவிட்டுப் போனது.

அப்படியென்றால் நவம்பரிலேயே விற்றுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு காரணத்தால் கூடாது. மழை ஓய்ந்து வயலும் ஏரியும் வற்றும் அந்த மாதங்களில்தான் குத்தகை நீர்நிலைகளை வடித்து ஆற்று மீனும் வயல் மீனும் சந்தைக்கு வந்து குவிகின்றன. ரங்கூன் சான்பியா சந்தையில் உங்கள் மீனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார். இன்னொன்று எடைத்தரம். எங்களிடம் வாங்கும் வியாபாரிகள் அரை வீசைக்கு, அதாவது சுமார் 815 கிராமுக்கு, மேலுள்ள ரோகுவுக்கு ஒரு விலையும் கீழுள்ளதற்கு ஒரு விலையும் தருகிறார்கள். நவம்பரில் என் மீன் 580 கிராம். அரை வீசையைத் தாண்டிய நாளில் புதிதாக ஏறிய சதைக்கு மட்டும் அல்லாமல் முழு மீனுக்கும் விலை உயர்கிறது. அதனால்தான் டிசம்பர், ஜனவரியில் தீவனத்தை இறுக்கிப் பிடித்து மீனை வெறுமனே காப்பாற்றிக் கொண்டுபோய், பிப்ரவரியில் நீர் சூடேறியதும் மறுபடி கையைத் தளர்த்த வேண்டும்.

திருத்திக்கொண்ட ஆண்டில் என் நோட்டு இப்படி முடிந்தது. டிசம்பரில் நாளுக்கு 22 கிலோ, ஜனவரியில் 16, பிப்ரவரியில் 26, மார்ச்சில் 33. மார்ச் முதல் வாரம் கடந்ததும் சராசரி அரை வீசையைத் தொட்டது, மாத முடிவில் 880 கிராம். மீன் சுமார் 2,350 மிஞ்சின, மொத்தம் 2,070 கிலோ, 1,270 வீசை. ஒன்பது மாதத்தில் போன தீவனம் 6,400 கிலோ. விட்டபோது இருந்த 260 கிலோவைக் கழித்தால் கூடிய மீன் 1,810 கிலோ, ஒரு கிலோவுக்கு மூன்றரை கிலோ தீவனம். ஒன்றுக்கு ஐந்து என்ற அதே கணக்கில், மீன் விற்ற பணம் 10,350 கிலோ தீவனத்துக்குச் சமம். தீவனம் போக மிச்சம் ஏறக்குறைய 3,950 கிலோ தீவனத்தின் விலை. குஞ்சு, கூலி, சுண்ணாம்பு, வலைக்காரர், ஐஸ், வண்டி, வட்டி எல்லாம் அதிலிருந்துதான். குளம் வெட்டிய செலவை முதல் ஆண்டில் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமே இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

விற்கும் தேதியை ஏப்ரல் நடுவில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். திருவிழாவையொட்டிக் கூலியாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஐஸ் கிடைக்காது, வண்டி கிடைக்காது. அதன்பிறகு கடும் கோடை. குளத்தில் நீர் மூன்றடிக்கு இறங்கியிருக்கும், உங்கள் பக்கம் கால்வாயில் உப்பும் ஏறியிருக்கும், அதைக் குளத்துக்கு ஏற்ற முடியாது. ஆகவே மார்ச் இருபதுக்குள் வலைக்காரரைப் பேசி வைத்து, மாதக் கடைசிக்குள் இழுவலை போட்டுவிடுங்கள். முந்தைய நாள் தீவனம் போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் பெட்டியில் சீக்கிரம் கெடும். மாலையில் வலை, இரவில் ஐஸ் போட்டு ஏற்றினால் விடியுமுன் சந்தையில் இருக்கலாம்.

ஆற்றில் மீன் குறையும் ஜூன், ஜூலையில் விலை இன்னும் ஏறும் என்று சொல்லித் தடுப்பார்கள். பொய்யல்ல. அனுபவம் வந்த பிறகு ஒரு வழி செய்யலாம். மார்ச்சில் அரை வீசைக்கு மேலுள்ளதை மட்டும் பிடித்து விற்றுவிட்டு, சிறியதை விட்டுவிட வேண்டும். பாதிச் சுமை குறைவதால் மிஞ்சியவை கோடையைத் தாண்டிவிடும். ஆனால் அந்த ஆண்டு குளம் காயாது, அடிச்சேறு எடுக்க முடியாது. நான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இப்படிச் செய்வதில்லை. முதல் ஆண்டில் நீங்கள் செய்யவே வேண்டாம்.

கடைசியாக, தீவனத்தைக் கடனுக்குத் தந்து மீனைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் வியாபாரிகள் வருவார்கள். எல்லோரும் மோசமில்லை. எனக்கு அப்படி ஒருவர் டிசம்பரில் தவிடு தந்தார். பிப்ரவரி முதல் வாரத்தில், மீன் 700 கிராமில் நிற்கும்போது, பணம் வேண்டும் என்று வலையோடு வந்து நின்றார். அரை வீசைக்கு ஒரு மாதம் பாக்கி இருக்கும்போது சின்ன மீன் விலைக்குத் தூக்கிக் கொடுத்தேன். கடன் வாங்கினால் வாங்குங்கள். பிடிக்கும் தேதியை நீங்கள்தான் சொல்வீர்கள் என்பதையும், எடைத்தரம் இரண்டுக்கும் தனித்தனி விலை என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு வாங்குங்கள்.